மோட்டார்த் தண்டின் பேரிங் எத்தனை நாள் உழைக்கும்?

மின்மோட்டாரில் பழுதுபடும் உறுப்புகளில் முன்வரிசையில் நிற்பது பேரிங் என வழங்கும் உருள் தாங்கியே. அது அடிக்கடி பழுதாகும்போது பழி பெரும்பாலும் அதைச் செய்தவர் மீதோ, வாங்கிய அதிகாரி மீதோ விழுகிறது. அடுத்த ஒப்பந்தப் புள்ளியில் வேறொரு நிறுவனத்தின் சரக்கு வாங்கப்படும். அதுவும் அதே காலத்தில் ஓசை எழுப்பத் தொடங்கும். பேரிங்கின் ஆயுளைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கும் முறை தெரிந்திருந்தால், குறை பேரிங்கில் உள்ளதா, அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையில் உள்ளதா என்பது வாங்குவதற்கு முன்பே புலப்படும். கணக்கு கடினமானது அன்று. சுமை, சுழற்சி வேகம், பேரிங்கின் அடிப்படை இயங்கு சுமைத் திறன் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

இம்மூன்றில் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இயங்கு சுமைத் திறன். விவரப் பட்டியல்களில் C என்ற எழுத்தால் குறிக்கப்படும் இந்த எண், பேரிங் தாங்கக்கூடிய உச்சச் சுமை என்று பலர் எண்ணுகின்றனர். அது அப்படியன்று. அந்த அளவு சுமையை மாறாமல் ஏற்றிச் சுழற்றினால், ஒரே வகையான பேரிங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பத்து லட்சம் சுற்றுகளைக் கடந்து நிற்கும் என்பதே அதன் பொருள். நிமிடத்திற்கு 1,460 சுற்றும் மோட்டாரில் பத்து லட்சம் சுற்று என்பது பதினொன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். எனவே C என்பது எந்த எந்திரத்திலும் ஏற்ற வேண்டிய சுமை அன்று. ஆயுளை அளப்பதற்கான ஓர் அளவுகோல் மட்டுமே. நடைமுறையில் ஏறும் சுமை அதில் பத்தில் ஒரு பங்கோ, இருபதில் ஒரு பங்கோதான் இருக்க வேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூறு என்ற சொல் ஏன் வந்தது என்பதையும் அறிதல் நலம். ஒரே எஃகு, ஒரே அளவு, ஒரே சுமை, ஒரே கிரீஸ் என எல்லாம் ஒத்திருந்தும், ஒரு தொகுதிப் பேரிங்குகளின் ஆயுள்கள் ஒன்றுக்கொன்று பத்து மடங்குக்கு மேலும் வேறுபடுகின்றன. பந்து உருளும்போது வளையத்தின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உலோகம் மீண்டும் மீண்டும் அழுந்தி விடுபடுகிறது. எஃகின் உள்ளே எங்கோ இருக்கும் நுண்ணிய குறை ஒன்றிலிருந்து வெடிப்பு தோன்றி, நாளடைவில் மேற்பரப்பு செதிலாகப் பெயர்கிறது. உலோகச் சோர்வு எனப்படும் இந்த நிகழ்ச்சி எந்தப் பேரிங்கில் எப்போது தொடங்கும் என்று தனியே சொல்ல இயலாது. ஒரு தொகுதிக்கு மட்டுமே சொல்லலாம். சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெரி, பால்ம்கிரென் ஆகிய இருவரும் 1947இல் வெளியிட்ட ஆய்வில், அதே நாட்டு வெய்புல் வகுத்திருந்த நிகழ்தகவு முறையைக் கொண்டு இந்தச் சிதறலைக் கணக்கில் அடக்கினர். ஐ.எஸ்.ஓ. 281 என்ற சர்வதேசத் தரமும், அதே பொருளைக் கூறும் ஐ.எஸ். 3824 என்ற இந்தியத் தரமும் அந்த அடித்தளத்தின்மீதே நிற்கின்றன. பந்துப் பேரிங்குக்கான சூத்திரம் இது:

```
L10  = (C / P)^3              (பத்து லட்சம் சுற்றுகளில்)
L10h = 1000000 × L10 / (60 × n)   (மணிகளில்)
```

இதில் P என்பது பேரிங்கின்மேல் உள்ள சமானச் சுமை. n என்பது நிமிடத்திற்கான சுற்றுகள். L10 என்பதில் உள்ள 10, அந்த ஆயுளுக்குள் பழுதாகிவிடக்கூடிய நூற்றுக்குப் பத்தைக் குறிக்கிறது. உருளைப் பேரிங்குக்கு அடுக்கு 3 அன்று, 10/3 ஆகும்.

வேகம் சூத்திரத்தில் ஒருமுறைதான் வருகிறது. சுமையோ மும்மடி அடுக்கில் வருகிறது. சுமையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். ஆகவே C எத்தனை என்று பட்டியலைப் புரட்டுவதைவிட, P எத்தனை என்று சரியாகக் காண்பதிலேயே பொறியாளரின் உழைப்பு செல்ல வேண்டும். பழுதுபார்ப்போர் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சிறு அரிசி ஆலையில் 15 கிலோவாட் மோட்டார் ஒன்று, நிமிடத்திற்கு 1,460 சுற்று வேகத்தில், வி-பெல்ட்டுகள் வழியாக நெல் அரைவை எந்திரத்தை அதில் பாதி வேகத்தில் ஓட்டுகிறது எனக் கொள்ளலாம். மோட்டாரின் இயக்க முனையில் 6309 எண்ணுள்ள ஆழ்பள்ளப் பந்துப் பேரிங் உள்ளது. அதன் உள்துளை 45 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 100 மில்லிமீட்டர். இயங்கு சுமைத் திறன் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் சற்றே மாறினும், 53,000 நியூட்டன் என வைத்துக் கணக்கிடுவது பொருந்தும். இரு பேரிங்குகளுக்கும் இடைத்தூரம் 320 மில்லிமீட்டர். இயக்க முனைப் பேரிங்கின் நடுவிலிருந்து கப்பியின் நடு வரை 100 மில்லிமீட்டர். சுழலியின் எடை 40 கிலோகிராம். ஆலை இரண்டு ஷிப்டுகளில் நாளொன்றுக்கு 16 மணி, ஆண்டுக்கு 300 நாள், அதாவது 4,800 மணி ஓடுகிறது.

முதலில் முறுக்கு விசை. கிலோவாட்டை 9,550ஆல் பெருக்கிச் சுற்று வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும், இங்கு 98.1 நியூட்டன்-மீட்டர். மோட்டார்க் கப்பியின் விட்டம் 200 மில்லிமீட்டராயின், இந்த முறுக்கு விசையை ஆரமாகிய 0.1 மீட்டரால் வகுக்க, கப்பியின் விளிம்பில் 981 நியூட்டன் விசை வேண்டும் எனத் தெரிகிறது.

ஆனால் தண்டை இழுப்பது 981 நியூட்டன் மட்டுமன்று. பெல்ட்டின் இறுக்கமான பக்கத்திற்கும் தளர்ந்த பக்கத்திற்கும் உள்ள வேறுபாடே அந்த 981. தண்டின்மேல் விழுவதோ இரு பக்க இழுவைகளின் கூட்டுத்தொகை. ஒழுங்காக இறுக்கிய வி-பெல்ட்டில் இது வேறுபாட்டைப்போல் இரு மடங்கை ஒட்டி இருக்கும். தட்டைப் பெல்ட்டில் இன்னும் கூடுதல். எனவே தண்டின்மேல் பெல்ட் இழுவை 1,960 நியூட்டன்.

அந்த இழுவையும் அப்படியே பேரிங்கில் இறங்குவதில்லை. கப்பி இரு பேரிங்குகளுக்கும் வெளியே தொங்குகிறது. இயக்க முனைப் பேரிங் நெம்புகோலின் ஆதாரப் புள்ளியாகிவிடுகிறது. கப்பியில் கீழ்நோக்கி இழுத்தால் மறுமுனை மேலே எழ முயலும். மறுமுனைப் பேரிங் அதை அழுத்திப் பிடிக்கும் விசையையும் ஆதாரமே தாங்கியாக வேண்டும். கணக்கு இவ்வாறு அமையும்:

```
R = F × (L + a) / L + W/2
  = 1960 × (320 + 100) / 320 + 196
  = 2770 நியூட்டன் (ஏறக்குறைய)
```

பெல்ட் கீழ்நோக்கி இழுப்பதாகக் கொண்டதால், சுழலியின் எடையில் பாதியான 196 நியூட்டன் நேராகக் கூட்டப்பட்டுள்ளது. பெல்ட் கிடையாக இழுத்தால் விடை சற்றுக் குறையும். கீழ்நோக்கிக் கொள்வது பாதுகாப்பான பக்கம். தண்டின் நீளவாக்கில் தள்ளும் அச்சுச் சுமை இங்கே இல்லை. ஆதலால் ஆரச் சுமையே சமானச் சுமை P ஆகும். நிமிர்ந்து நிற்கும் மோட்டாரிலும், சாய்பற்சக்கரம் பூட்டிய தண்டிலும் அச்சுச் சுமை சேரும்; அப்போது பட்டியலில் தரப்படும் X, Y பெருக்கெண்களைக் கொண்டு இரண்டையும் இணைக்க வேண்டும்.

இனி C/P என்பது 53,000/2,770, அதாவது 19.1. இதன் மும்மடி சுமார் 7,000. ஆகவே ஆயுள் 7,000 முறை பத்து லட்சம் சுற்று. மணிக்கு 87,600 சுற்று வீதம் இது ஏறக்குறைய 80,000 மணி. இந்த ஆலையின் ஓட்டத்தில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல். பெல்ட் ஓட்டத்திற்கு இது தாராளமான விடை. மோட்டார் உற்பத்தியாளர்கள் தண்டு முனையில் அனுமதிக்கும் ஆரச் சுமையைப் பொதுவாக 20,000 அல்லது 40,000 மணி ஆயுளுக்கே குறிப்பிடுவர்.

அதே ஆலையில் எந்திரத்தை வேறொரு மூலைக்கு மாற்றுகின்றனர் எனக் கொள்ளலாம். பாதி வேகம் வேண்டுமாயின் மோட்டாரில் 200 மில்லிமீட்டர்க் கப்பிக்கு எந்திரத்தில் 400 மில்லிமீட்டர்க் கப்பி தேவை. புதிய மூலையில் அதற்கு இடமில்லை. மேஸ்திரி 125, 250 மில்லிமீட்டர்க் கப்பிகளைப் பூட்டுகிறார். வேகம் சிறிதும் மாறவில்லை, எந்திரம் முன்போலவே அரைக்கிறது, கப்பிகளின் விலையும் குறைவு. யாருக்கும் குறை தோன்றாது.

பேரிங்குக்கு மட்டும் நிலைமை மாறிவிட்டது. ஆரம் 0.0625 மீட்டராகக் குறைந்ததால் விளிம்பு விசை 1,570 நியூட்டனாகவும், தண்டின் இழுவை 3,140 நியூட்டனாகவும், பேரிங்கின் சுமை 4,320 நியூட்டனாகவும் ஏறுகின்றன. ஆயுள் 21,000 மணியாக இறங்குகிறது. பதினாறு ஆண்டுகள் நாலரைக்கும் குறைந்தன. அத்துடன் முடியவில்லை. சிறிய கப்பியில் ஒவ்வொரு பெல்ட்டும் கடத்தும் திறன் குறைவு. ஆதலால் கூடுதல் பெல்ட்டுகள், அவற்றுக்கு ஏற்ற அகலமான கப்பி தேவைப்படுகின்றன. அகலக் கப்பியின் நடுப்பகுதி வெளியே 30 மில்லிமீட்டர் தள்ளி அமைகிறது எனில், நெம்புகோலின் கை நீள்கிறது. சுமை 4,610 நியூட்டன், ஆயுள் 17,350 மணி. அப்படியும் சிறு கப்பியில் பெல்ட் சுற்றிப் பிடிக்கும் பரப்புக் குறைவாதலால், சுமை ஏறும் வேளையில் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடும். அதற்கு ஆலைகளில் எல்லாரும் அறிந்த மருந்து ஒன்று உண்டு: மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளிப் பெல்ட்டை முறுக்குதல். இழுவை ஒன்றரை மடங்காகும்படி இறுக்கினால் பேரிங்கின் சுமை 6,820 நியூட்டன், C/P 7.77, ஆயுள் 5,360 மணி.

அது ஓராண்டைச் சற்றே தாண்டும் காலம். மோட்டாரும் அதே, பேரிங்கும் அதே, கடத்தும் மின்திறனும் அதே. சுமை இரண்டரை மடங்கு கூட ஆகவில்லை. ஆயுள் பதினைந்தில் ஒன்றாயிற்று. இந்த ஆலையில் ஆண்டுதோறும் பேரிங் மாற்றப்படுமாயின், பதிவேட்டில் "பேரிங் தரம் போதாது" என்ற குறிப்பே எழுதப்படும் என்பதை ஊகிப்பது அரிதன்று.

இதற்குப் பெரிய பேரிங் போட்டுவிடலாமே என்று தோன்றக்கூடும். ஆயுளை இரட்டிக்கச் சுமைத் திறன் 26 விழுக்காடு கூட வேண்டும். பதினைந்து மடங்காக்க ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேண்டும். ஆனால் தண்டின் 45 மில்லிமீட்டரும், கூட்டின் 100 மில்லிமீட்டரும் மாற்ற முடியாதவை. அதே அளவில் உருளைப் பேரிங் பொருத்தலாம். அதன் திறன் பந்துப் பேரிங்கைப்போல் இரு மடங்கை ஒட்டியது. பெல்ட் ஓட்டத்திற்கென்றே சில மோட்டார்கள் அவ்வாறு செய்யப்படுகின்றன. எனினும் மிகை இழுவை தண்டையும் வளைக்கிறது. பேரிங்கைக் காப்பாற்றித் தண்டை முறிப்பதில் பயனில்லை. 400 மில்லிமீட்டர்க் கப்பிக்கு இடமில்லையெனில் 160, 320 மில்லிமீட்டர் இணையைப் பொருத்தி, கப்பியை முன்போல் பேரிங்கை ஒட்டி நிறுத்தி, பெல்ட்டை அளவாக இறுக்கினால் கணக்கு 42,700 மணி காட்டுகிறது. ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு. சமரசம் என்ற வகையில் ஏற்கத்தக்கதே.

அளவான இறுக்கம் எது என்பதைக் கைப்பழக்கத்திற்கு விடவேண்டியதில்லை. இரு கப்பிகளுக்கும் இடைப்பட்ட பெல்ட்டின் நடுவில் சுருள்வில் தராசைக் கொண்டு இழுத்து, ஒரு மீட்டர் நீளத்திற்கு 16 மில்லிமீட்டர் வீதம் பெல்ட் விலக எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்க்கலாம். அந்த விசை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெல்ட் உற்பத்தியாளரின் அட்டவணையில் இருக்கும். புதுப் பெல்ட் சில மணி ஓடியபின் நீளும். அப்போது மீண்டும் பார்த்துச் சரிசெய்வதே முறை. முதல் நாளே மிகையாக இறுக்கிவிட்டு மறந்துவிடுவதுதான் கேடு.

மெதுவாகச் சுழலும் மோட்டார் வாங்கினால் பேரிங் நீடிக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. சூத்திரத்தில் n கீழே நிற்பதைக் கண்டு எழும் எண்ணம் அது. அதே 15 கிலோவாட்டை 970 சுற்றில் தரும் மோட்டாரின் முறுக்கு விசை ஒன்றரை மடங்கு. அதே கப்பியில் இழுவையும் ஒன்றரை மடங்கு. பெல்ட் சுமையே மேலோங்கிய இடத்தில், வேகக் குறைவால் கிடைக்கும் ஒன்றரை மடங்கு ஆதாயத்தைச் சுமையின் மும்மடி விழுங்கிவிட, ஆயுள் பாதிக்கும் கீழே செல்லும். அந்த மோட்டார் பெரிய கூட்டில், பெரிய பேரிங்குடன் வருவதால்தான் அது பிழைக்கிறது.

கணக்கின் எல்லையைக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. அதே மோட்டார் பெல்ட் இல்லாமல், செம்மையாக நேர்ப்படுத்திய இணைப்பான் வழியாக ஒரு பம்பை ஓட்டுகிறது எனக் கொண்டால், பேரிங்கின்மேல் சுழலி எடையில் பாதி, ஏறக்குறைய 200 நியூட்டன் மட்டுமே இருக்கும். C/P 265; ஆயுள் இருபத்து நான்காயிரம் ஆண்டுகளுக்கும் மேல் என விடை வரும்! சூத்திரம் பொய் சொல்லவில்லை. உலோகச் சோர்வு இந்தப் பேரிங்கைக் கொல்லப்போவதில்லை என்றே அது சொல்கிறது. அங்கே ஆயுளை முடிவு செய்வது கிரீஸின் ஆயுளும், உள்ளே புகும் தூசியும் ஈரமும் ஆகும். சுமை மிகக் குறைந்தாலும் பந்துகள் உருளாமல் வழுக்கும். பந்துப் பேரிங்கில் C-யின் நூற்றில் ஒரு பங்காவது சுமை இருத்தல் நன்று என்பர். மோட்டார்களில் பேரிங்கின் பக்கத்தில் அலைவடிவ வில்வளையம் ஒன்று வைக்கப்படுவது, பந்துகளை எப்போதும் சற்றே அழுத்தி வைப்பதற்காகவே.

கிரீஸின் நிலை, தூசி ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கும் திருத்த எண் 2007இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 281 பதிப்பில் விரிவாக வகுக்கப்பட்டுள்ளது. உமியும் தவிடும் பறக்கும் அரிசி ஆலையில் அந்த எண் ஒன்றுக்கு வெகுவாகக் கீழே இறங்கக்கூடும். அப்போது 42,700 மணி என்ற விடையில் ஒரு பகுதிதான் கைக்குக் கிடைக்கும். நம்பகத்தையும் அதே தரம் கணக்கில் எடுக்கிறது: நூற்றுக்குத் தொண்ணூறுக்குப் பதில் தொண்ணூற்றைந்து பேரிங்குகள் தேற வேண்டுமாயின், ஆயுளை 0.64ஆல் பெருக்க வேண்டும்.

இருப்பு வைக்கும் அதிகாரிகளுக்கு இந்த நம்பகக் கணக்கு நேரடியாகப் பயன்படும். ஒரே வகைச் சுமையில் ஓடும் இருபது பேரிங்குகள் உள்ள ஆலையில், L10 காலம் முடிவதற்குள் இரண்டு பழுதாகும் என எதிர்பார்க்க வேண்டும். ஒன்றுகூடப் பழுதாகாமலிருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டே. ஆகவே கணக்கிட்ட ஆயுளுக்கு முன்பே ஒன்று பழுதானது என்பதைக் கொண்டு சரக்கு கெட்டது என்று தீர்ப்பளிக்க முடியாது. ஐந்தாறு பழுதானால் ஐயப்படலாம். மறுபுறம், அவற்றில் பாதிப் பேரிங்குகள் L10 ஆயுளைப்போல் பல மடங்கு காலம் உழைக்கும். கணக்கிட்ட நாள் வந்துவிட்டது என்பதற்காக நல்ல பேரிங்கைக் கழற்றி எறிவதும் வீண்.

கழற்றிய பேரிங்கை எறியுமுன் அறுத்துப் பார்த்தால், எந்தக் கணக்கு அங்கே செல்லும் என்பது தெரியும். பெல்ட் ஓட்டத்தில் வெளி வளையம் அசையாது நிற்கிறது. சுமை எப்போதும் ஒரே திசையில் விழுகிறது. ஆகவே வெளி வளையத்தில் பெல்ட் இழுக்கும் பக்கத்தில் மட்டும், பந்து ஓடிய தடத்தில் செதில் பெயர்ந்திருந்தால் அது சுமையால் வந்த சோர்வு. மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் கப்பியையும் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளி வளையம் முழுவதும் சுற்றிலும் ஆழ்ந்த தடம் இருந்தால், பொருத்தம் மிகவும் இறுகி உள்ளே இடைவெளியே இல்லாமற் போயிற்று என்று பொருள். தடமெங்கும் சிறுசிறு குழிகள் சிதறிக் கிடந்தால் தூசி. பழுப்பும் நீலமும் பாய்ந்திருந்தால் கிரீஸ் வற்றிய வெப்பம். துணி துவைக்கும் பலகையின் வரிகள்போல் தடத்தில் குறுக்குக் கோடுகள் ஒரே சீராக ஓடினால், பேரிங் வழியே மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. அதிர்வெண் மாற்றிகளால் இயங்கும் மோட்டார்களில் இது காணப்படுகிறது. கடைசியாகச் சொன்ன நான்கிலும் C-ஐ எவ்வளவு கூட்டினாலும் பயன் விளையாது.

அறுத்த வளையத்தில் பெல்ட் பக்கம் எது என்பது தெரிய வேண்டுமே! கழற்றுவதற்கு முன், வெளி வளையத்தின் உச்சிப் புள்ளியில் வண்ணத்தால் ஒரு குறி இட்டுவைப்பது பழுதுபார்ப்போர் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கம். குறியில்லாத வளையத்தில் செதில் பெயர்ந்த இடம் இருக்கும். அது எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.